ஊதலாம், உறிஞ்சக் கூடாது

ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் பள்ளிப் பொருள்களில் புத்தகம், நோட்டு, வண்ணக் குச்சிகளோடு கைப்பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் இருக்கும். பெரும்பாலும் வெளிர் நீலம் அல்லது இளஞ்சிவப்பு. திறந்தால் உள்ளே பியானோவைப் போல வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள் அடுக்கிய சின்னக் கருவி ஒன்று, வளையக்கூடிய ஒரு குழாய், நேராக வாயில் வைத்து ஊதுவதற்கு ஒரு சிறு ஊதுவாய், துடைக்க ஒரு துணி. இதுதான் மெலோடிகா. ஜப்பானியர் இதைக் கட்டை வைத்த ஹார்மோனிகா என்ற பொருளில் 'கென்பன் ஹார்மோனிகா' என்கிறார்கள். ஆறு, ஏழு வயதில் கையில் எடுத்து, ஊதி, கட்டையை அழுத்திப் பாட்டு வாசிக்க அந்நாட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் முதல் கருவி பெரும்பாலும் இதுவே.

1950களின் இறுதியில் ஜெர்மனியின் ட்ராசிங்கன் ஊரிலுள்ள ஹோனர் நிறுவனம் 'மெலோடிகா' என்ற பெயரில் இந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹோனர் ஹார்மோனிகாவுக்கும் அக்கார்டியனுக்கும் பேர்போன நிறுவனம். அதன் தொடக்ககால மெலோடிகாக்களில் வெள்ளைக் கட்டைகள் ஒரு பக்கம், கறுப்பு மறுபக்கம் என்று இருந்தன. இரண்டு கைகளாலும் குழல்போலப் பிடித்து வாசிக்க வேண்டும். ஜப்பானின் ஹமமட்சு நகரத்து சுசுகி நிறுவனம் 1961இல் 'மெலோடியன்' என்ற பெயரில் தன் கருவியை வெளியிட்டது. யமஹாவின் கருவிக்குப் 'பியானிகா' என்று பெயர். இவற்றில் கட்டைகள் பியானோவில் இருப்பதுபோல ஒரே வரிசையில் இருந்தன. மேசைமீது கிடத்தி, கட்டைகளைக் கண்ணால் பார்த்தபடி வாசிக்கலாம். வகுப்பறைக்குள் இது நுழைய முக்கியமான காரணம் இந்த வசதிதான். இன்று ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் பாடத்திட்டமே, முதல் இரண்டு வகுப்புகளில் பாட்டு வாசிக்கும் கருவியாக ஆர்கன், கட்டை ஹார்மோனிகா போன்றவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ரெக்கார்டர் என்னும் குழல் மூன்றாம் வகுப்பில்தான் வருகிறது. குழலில் துளைகளை விரலால் சரியாக மூட வேண்டும். சின்ன விரல்களுக்கு அது சிரமம். மெலோடிகாவில் கட்டையை அழுத்தினால் சுரம் தானாகச் சரியாக வந்துவிடும்.

தானாகச் சரியாக வந்துவிடுவதால் ஆசிரியருக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சுரத்தைக் கருவி பார்த்துக்கொள்கிறது. மூச்சைக் குழந்தைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மெலோடிகா வகுப்பில் கற்பிக்க வேண்டியவற்றில் பாதிக்குமேல் மூச்சைப் பற்றியது. சுத்தத்தைப் பற்றிய கவலையும் அந்த மூச்சோடு பின்னியிருக்கிறது. பலர் இவ்விரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துகிறார்கள். இரண்டும் ஒரே பாடம் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் கருவிக்குள் இருக்கிறது.

ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு மெலோடிகாவின் உட்புறம் புதிதாக இராது. மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஆர்மோனியக்காரர்கள் சொல்லும் அதே ரீடுதான். தகட்டின் ஒரு முனை பொருத்தப்பட்டிருக்கும், மறுமுனை ஒரு நீளப் பிளவின்மேல் ஆட விட்டிருக்கும். காற்று அந்தப் பிளவின் வழியே போகும்போது தகடு அதிர்ந்து ஒலிக்கும். நீளமான தகடு கீழ்ச் சுரம், குட்டையானது மேல் சுரம். ஆர்மோனியத்தில் துருத்தி காற்றைத் தருகிறது, இங்கே குழந்தையின் நெஞ்சு தருகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஓர் அடைப்பு உண்டு. கட்டையை அழுத்தினால் அந்த ரீடுக்கான வழி திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

இதிலிருந்து வகுப்பறைக்கு மிகவும் வேண்டிய இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஊதாமல் கட்டையை அழுத்தினால் சத்தம் வராது. கட்டையை அழுத்தாமல் ஊதினாலும் வராது, காற்றுகூடப் போகாது. ஆகவே விரலுக்குத் தனியாகவும் மூச்சுக்குத் தனியாகவும் பயிற்சி கொடுக்க முடிகிறது. இன்னொன்று, ரீடுகள் ஊதும் காற்றுக்காகவே அமைக்கப்பட்டவை. வாய் ஆர்மோனிகாவில் ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் இன்னொரு சுரம் கிடைக்கும். மெலோடிகாவில் உறிஞ்சினால் ஒழுங்கான சுரம் எதுவும் வராது. கருவிக்குள் இருக்கும் காற்றுதான் குழந்தையின் வாய்க்கு வரும். அந்தக் காற்று வெறும் காற்றாக இருப்பதில்லை.

நம் மூச்சு வெதுவெதுப்பானது, ஈரமானது. கருவியின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் உலோகமும் அதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால், சோற்றுப்பானை மூடியின் அடியில் ஆவி முத்துமுத்தாகப் படிவதுபோல உள்ளே நீர் படிகிறது. பத்து நிமிடம் வாசித்த மெலோடிகாவிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துப் பெற்றோர் 'எச்சில்' என்று முகம் சுளிப்பார்கள். எச்சிலும் கொஞ்சம் கலந்திருக்கும்தான். ஆனால் பெரும்பகுதி மூச்சின் ஆவி குளிர்ந்து ஆன நீர். அந்த நீரைத் தேங்க விட்டால் ஈரமும் இருட்டுமாக ஒரு மூடிய இடம் கிடைத்துவிடுகிறது. பூஞ்சைக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

காற்றுக் கருவிகளின் உட்புற அழுக்கு வீண் பயமல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர்கள் 2016இல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். நாள்தோறும் பைக்குழல் வாசித்துவந்த 61 வயது மனிதர். நுரையீரல் அழற்சியால் பல ஆண்டுகள் மூச்சுத் திணறி இறந்தார். கருவியின் பைக்குள்ளும் வேறு பகுதிகளிலும் பலவகைப் பூஞ்சைகள் வளர்ந்திருந்தன. அவற்றை மீண்டும் மீண்டும் சுவாசித்ததே நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். ஒரு தனி மனிதரின் கதை அது, கருவியும் வேறு. வாரத்தில் ஓரிரு முறை சில நிமிடங்கள் மெலோடிகா ஊதும் பிள்ளையை அவரோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் அதிலுள்ள செய்தி மெலோடிகாவுக்கும் பொருந்தும்: ஈரமாகக் கிடக்கும் குழாயிலிருந்து மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது.

இப்போது ஆறு வயதுக் குழந்தை ஒன்று முதன்முதலாக மெலோடிகா ஊதுவதைப் பாருங்கள். குழாயைப் பற்களால் கவ்விக்கொள்ளும். கன்னம் இரண்டையும் உப்பி ஒரே மூச்சில் பலமாக ஊதும். காற்று தீர்ந்ததும் குழாயை வாயிலிருந்து எடுக்காமலே அதன் வழியாக மூச்சை உள்ளே இழுக்கும். யாரும் சொல்லித் தராவிட்டால் அப்படித்தான் செய்யும். பலூன் ஊதும்போதும் குழந்தைகள் அதையேதான் செய்கிறார்கள். ஆகவே முதல் பாடம் சுரமோ தாளமோ அல்ல, மூச்சை எந்த வழியாக எடுப்பது என்பது.

அதைக் கருவியில்லாமல் தொடங்குவது நல்லது. விரலகலத்தில் ஒரு தாள் துண்டைக் கிழித்து, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். மூக்கால் மூச்சை எடுத்து, உதட்டைக் குவித்து, தாள் சாய்ந்த நிலையிலேயே நிற்கும்படி ஊத வேண்டும். முதலில் படாரென்று பறந்து, பிறகு துவண்டு விழுந்தால் ஊதியது பலம் அதிகம் என்று குழந்தைக்கே கண்ணில் தெரிந்துவிடும். நான்கு எண்ணும்வரை தாள் அசையாமல் சாய்ந்து நின்றால் போதும், பிறகு ஆறு, எட்டு என்று கூட்டலாம். யார் அதிக நேரம் ஊதுவது என்ற போட்டியை மட்டும் வைக்க வேண்டாம். போட்டி என்றதும் பிள்ளைகள் முகம் சிவக்க ஊதுவார்கள். அடுத்த நிமிடம் தலை சுற்றுகிறது என்பார்கள். வேகவேகமாகப் பலமாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும். அப்படி ஆனால் கருவியை வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்து இயல்பாக மூச்சுவிட்டாலே சரியாகிவிடும்.

ஆறு வயதுக் குழந்தை ஆழ மூச்சிழுத்து முழுக்க வெளியே விட்டாலும் அது ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் காற்றுதான். பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர். இதை மறந்துவிடும் ஆசிரியர், தான் ஒரே மூச்சில் வாசிப்பதைப் பிள்ளைகளிடமும் எதிர்பார்ப்பார். மெலோடிகாவின் கீழ்ச் சுரங்கள் காற்றை அதிகம் தின்னும், ஒலிக்கவும் சற்றுத் தாமதிக்கும். அதனால் தொடக்கப் பாட்டுகள் நடுப்பகுதியிலேயே இருப்பது மூச்சுக்கும் நல்லது.

தாளில் பழகிய பிறகு குழாய். உதட்டால் மெல்ல மூடிப் பிடிக்க வேண்டும், பல் படக் கூடாது. பல் பட்டால் சில வாரங்களிலேயே ஊதுவாயில் கடித்த தடம் விழும், அழுக்கு தங்குவதே அந்தத் தடத்தில்தான். மூச்சு எடுக்கும் நேரம் வரும்போது மூக்கால் எடுக்கலாம், அல்லது உதட்டின் இரு ஓரங்களையும் கொஞ்சம் திறந்து வாயால் எடுக்கலாம். சளி பிடித்த பிள்ளைக்கு மூக்கு ஒத்துழைக்காது; அவர்கள் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டே மூச்சிழுக்கட்டும். நன்றாகச் சளியும் இருமலும் இருக்கும் நாளில் ஊதாமல் விரல் பயிற்சி மட்டும் செய்வது இன்னும் நல்லது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் எந்த நேரத்திலும் விரலுக்கு மாறிக்கொள்ளும் உரிமை இருக்க வேண்டும்.

குழந்தை உறிஞ்சுகிறதா என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. பாட்டின் நடுவில் சுரம் அறுந்து, கட்டையில் விரல் அப்படியே இருக்க, தோள் மேலே தூக்கினால் குழாய் வழியாக மூச்சிழுக்கிறது என்று பொருள். சில சமயம் குழாயிலிருந்து சர்ரென்ற ஓசையும் கேட்கும். பலமாக ஊதுவதையும் காதே சொல்லிவிடும். பலம் கூடக் கூட ரீடின் சுரம் கொஞ்சம் கீழே இறங்கும். முப்பது பிள்ளைகள் சேர்ந்து அலறும்போது வகுப்பே சுருதி விலகியதுபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம்; கருவிகள் மட்டமானவை என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.

இனிப் பாட்டுக்கு வருவோம். பள்ளிகளில் பெரிதும் புழங்கும் மெலோடிகாவில் 32 கட்டைகள். இடது ஓரத்தில் முதலில் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும், அதையடுத்து இரண்டு கறுப்புக் கட்டைகள். அந்த இரண்டுக்கும் இடப்பக்கத்தை ஒட்டிய வெள்ளைக் கட்டைதான் டோ. இடமிருந்து எண்ணினால் ஐந்தாவது வெள்ளை. நம் ஊரில் ஒரு கட்டைச் சுருதி என்று பாடகர்கள் சொல்வது இந்தச் சுரத்தைத்தான். முதல் நாளே கட்டைகளின் மேல் பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டுவதைவிட, இரண்டு கறுப்பு, மூன்று கறுப்பு என்று தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக நடத்துவது நல்லது. ஸ்டிக்கரைப் பார்த்தே வாசித்த குழந்தைக்கு, அது உரிந்த நாளில் கட்டைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒட்டித்தான் ஆக வேண்டுமானால் டோவுக்கு மட்டும் ஒரு பொட்டு ஒட்டுங்கள்.

வலக்கைக் கட்டைவிரல் டோவில். அடுத்த நான்கு விரல்களும் வரிசையாக ரே, மி, ஃபா, சோ. ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை. கை நகரவே தேவையில்லை. நம் கணக்கில் இவை சங்கராபரணத்தின் ச ரி க ம ப. பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை இருந்தால் அப்படியே பாடிக்கொள்ளட்டும், எதுவும் கெட்டுப்போகாது.

மூன்றே சுரங்களில் ஒரு சின்ன மெட்டு அமைத்துப் பார்க்கலாம். நான்கு எண்ணிக்கை கொண்ட நான்கு பகுதிகள். கோடு வரும் இடத்தில் முந்தைய சுரத்தை நீட்டிப் பிடிக்க வேண்டும், புள்ளி வரும் இடத்தில் சத்தத்தை நிறுத்தி மூச்சு எடுக்க வேண்டும்.

டோ ரே மி —
மி ரே டோ ·
டோ ரே மி ரே
டோ — — ·

நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்ற நடையில் எடுத்துக்கொண்டால் ஓர் எண்ணிக்கைக்கு முக்கால் நொடி. முதல் இரண்டு பகுதியிலும் ஊதும் எண்ணிக்கை ஏழு, அதாவது ஐந்தேகால் நொடி. அதன் பிறகு முக்கால் நொடி மூச்சுக்கு. ஆறு வயதுக்கு இது சரியான அளவு. இதையே நிமிடத்துக்கு 50 என்று இழுத்து வாசித்தால் ஊதும் நேரம் ஏறத்தாழ எட்டரை நொடியாகிவிடும், பாதிப் பிள்ளைகளுக்குக் காற்று முன்பே தீர்ந்துபோகும். மெதுவாக வாசித்தால் எளிது என்று பெரியவர்கள் நினைக்கிறோம். விரலுக்கு அது எளிதுதான், மூச்சுக்கு அது கடினம். மெதுவாகத்தான் பழக வேண்டும் என்றால் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் நிறுத்தி மூச்சு எடுக்கச் செய்ய வேண்டும்.

இந்த மெட்டை வகுப்பில் இப்படிக் கொண்டுபோகலாம். முதலில் ஆசிரியர் சுரப் பெயரைச் சொல்லிப் பாட, பிள்ளைகள் கூடவே பாடுவார்கள். புள்ளி வரும் இடத்தில் எல்லாரும் கேட்கும்படி மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். மூச்சும் மெட்டின் ஒரு பகுதியாகவே மனத்தில் பதிய வேண்டும் என்பதற்காக இது. அடுத்து பாடிக்கொண்டே மேசைமீது விரலால் தட்டுவது. பிறகு கருவியின் கட்டைமேல், ஆனால் குழாய் வாயில் இல்லாமல். வாய் பாடும், விரல் அழுத்தும், கருவி பேசாது. கடைசியில்தான் ஊதுவது. அதிலும் எல்லாரும் ஒரே சமயத்தில் வேண்டாம். ஒரு வரிசை ஊதட்டும், மற்ற வரிசைகள் பாடிக்கொண்டே சத்தமில்லாமல் விரல் வைக்கட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். இதனால் இரைச்சல் குறைகிறது, தவறு செய்யும் பிள்ளை ஆசிரியரின் காதுக்குத் தனியாகக் கேட்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூச்சு ஆற இடைவெளியும் கிடைக்கிறது. ஜப்பானில் ஒரு பாட வேளை 45 நிமிடம். அதில் உண்மையாக ஊதும் நேரம் மொத்தம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டாமல், ஒரே தொடர்ச்சியில் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆசிரியர் பேசும்போது குழாய் மேசைமேல் இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள். குழாய் கையில் இருந்தால் வாய்க்குப் போகும், வாய்க்குப் போனால் சத்தம் வரும். கையைத் தூக்கினால் குழாயைக் கீழே வைப்பது என்று ஒரு சைகை பழகிவிட்டால் தொண்டை தப்பிக்கும்.

மூன்று சுரம் வசப்பட்டதும் ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் மெட்டுக்குப் போக வேண்டும்.

டோ டோ ரே ரே
மி மி ரே ·
மி ஃபா சோ மி
ரே ரே டோ ·

இங்கேதான் நாக்குக்கு வேலை. டோ டோ என்று இரண்டு முறை வருவதைக் கட்டையை இரண்டு முறை அழுத்தியும் வாசிக்கலாம். ஆனால் குழந்தைகள் அப்படிச் செய்யும்போது விரலை உயரத் தூக்கி அடிப்பார்கள், கை இடம் மாறிவிடும். கட்டையை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு 'தூ தூ' என்று சொல்வதுபோல நாக்கின் நுனியால் காற்றை நிறுத்தி நிறுத்தி விட்டால் சுரம் தெளிவாகப் பிரிந்து ஒலிக்கும். ஜப்பானிய வகுப்புகளிலும் இதே 'தூ' என்ற அசையைச் சொல்லித்தான் பழக்குகிறார்கள். 'ஹூ ஹூ' என்று நெஞ்சால் தள்ளினால் ஒவ்வொரு சுரத்துக்கும் காற்று வீணாகும், நான்காவது சுரத்திலேயே மூச்சு வாங்கும். இரண்டையும் ஒரே கட்டையில் வாசித்துக் காட்டினால் எது தெளிவு என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தொடக்கத்தில் கருவி மேசைமேல், நீளக் குழாயோடு. இடக்கை குழாயின் முனையைப் பிடித்திருக்கும். குழாய் மடங்கினால் காற்று நின்றுவிடும், 'என் மெலோடிகா கெட்டுப்போச்சு மிஸ்' என்ற புகார்களில் கணிசமானவை இந்த மடிப்பினால் வருபவை. நின்றுகொண்டு வாசிப்பது பிறகு. அப்போது குழாயைக் கழற்றி, சிறு ஊதுவாயைப் பொருத்தி, கருவியின் பின்புறப் பட்டைக்குள் இடக்கையை நுழைத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கருவியின் எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கட்டைகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கை தானாக இடம் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழகிய பிறகே இது சாத்தியம்.

வாசித்து முடித்ததும் சுத்தம். கருவியின் ஒரு முனையில் அல்லது பின்புறத்தில் நீரை வெளியேற்ற ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து, அடியில் துணியை வைத்து, பொத்தானை அழுத்தியபடி ஒருமுறை பலமாக ஊத வேண்டும். அப்போது எந்தக் கட்டையிலும் விரல் இருக்கக் கூடாது. கட்டை திறந்திருந்தால் நீர் ரீடுக்குள் தள்ளப்படும். நீர் தங்கிய ரீடு ஒலிக்கத் தாமதிக்கும், கரகரக்கும், சுரம் இறங்கும், சில சமயம் பேசவே பேசாது. ஒரு கட்டை மட்டும் இப்படி மக்கர் செய்தால் முதலில் நீரை வெளியேற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். உலர்ந்த பிறகும் சரியாகவில்லை என்றால் தூசியோ துருவோ காரணமாக இருக்கலாம். வகுப்பில் வைத்துத் திருப்புளியால் திறக்க வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கட்டையைத் தொடாமல் ஊதும்போதே சத்தம் வந்தால் ஏதோ ஒரு கட்டை சிக்கி அடைப்பு திறந்து நிற்கிறது.

குழாயையும் ஊதுவாயையும் கழற்றிக் கழுவலாம், கழுவ வேண்டும். வெதுவெதுப்பான நீர், சில சொட்டு மென்மையான பாத்திர சோப்புத் திரவம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். கருவியின் உடலை ஒருபோதும் தண்ணீரில் முக்கக் கூடாது; ரீடுகள் உள்ளே இருக்கின்றன. கட்டைகளை ஈரத்துணியால் துடைத்து உலர்துணியால் ஒற்றினால் போதும். கிருமிநாசினி என்று ஆல்கஹாலைத் தாராளமாகத் தெளிப்பவர்களும் உண்டு. சிலவகைப் பிளாஸ்டிக்கில் அது நுண்ணிய விரிசலை உண்டாக்கும், ஆகவே தயாரிப்பாளரின் குறிப்பைப் படிக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

கழுவுவதைவிட உலர்த்துவது முக்கியம். குழாயின் உட்புறம் மடிப்பு மடிப்பாக இருப்பதால் நீர் மடிப்புகளில் தங்கும். ஒரு முனையைப் பிடித்து வீசி உதறிவிட்டு, நிழலில் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடினால் கழுவியதே வீண். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு நாளில் அது காயாது. கழுவிய குழாயை அன்றே பள்ளிக்கு அனுப்பாமல் சனிக்கிழமை கழுவித் திங்கட்கிழமை அனுப்பும் வழக்கம் நல்லது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கரும்புள்ளிகள் தெரிந்தாலோ, கழுவிய பிறகும் மக்கிய வாடை அடித்தாலோ அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

2020இல் கொரோனா பரவியபோது ஜப்பானில் இந்தக் கருவி மௌனமாயிற்று. மூடிய அறையில் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்து பாடுவதும், ரெக்கார்டர், கட்டை ஹார்மோனிகா போன்றவற்றை ஊதுவதும் தொற்று அபாயம் அதிகமுள்ளவை என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் தன் வழிகாட்டியில் பட்டியலிட்டது. ஊதாமல் விரல் வைத்துப் பழகுவது மட்டுமே பல வகுப்புகளில் மிஞ்சியது. ஊதாவிட்டால் பேசாத கருவி என்பதால்தான் அதுவாவது முடிந்தது.

நம் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானில் பெரும்பாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தக் கருவி உண்டு. கருவியைப் பள்ளியோ நகராட்சியோ இரவல் தரும் இடங்களிலும் குழாயும் ஊதுவாயும் குழந்தையின் சொந்தம். இங்கே ஒரு பள்ளி பத்து மெலோடிகா வாங்கி நாற்பது பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுக்க நினைக்கலாம். தவறில்லை. ஆனால் கருவி பொதுவாக இருக்கலாம், வாயில் வைக்கும் பகுதி பொதுவாக இருக்கக் கூடாது. ஒருவர் ஊதியதும் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது போதாது. துணி வெளிப்புறத்தைத்தான் துடைக்கும். கைமாறும்போது முதல் பிள்ளை நீரை வெளியேற்றிக் கட்டைகளைத் துடைக்க வேண்டும், அடுத்த பிள்ளை தன் குழாயைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அப்போதும் கருவியின் உள்ளறை பொதுவானதுதான் என்பதால், உறிஞ்சாமல் ஊதத் தெரிந்த பிள்ளைகளிடம் மட்டுமே கருவியைக் கைமாற்றுங்கள்.

குழாயும் ஊதுவாயும் தனியாகவே விற்கின்றன. மெலோடிகா வாங்கத் திட்டமிடும் தலைமையாசிரியர்களும் பெற்றோர் சங்கங்களும் தயவுசெய்து கருவிகளின் எண்ணிக்கையை முதலில் எழுதாதீர்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை குழாய், அத்தனை ஊதுவாய், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் என்று எழுதிவிட்டு, மிச்சப் பணத்துக்கு எத்தனை மெலோடிகா வருமோ அத்தனை வாங்குங்கள்.